குழாயைச் சுற்றி ஒன்றரை அங்குலம்

குளியலறைத் தளத்தில் குழாய் இறங்குகிற ஓட்டைக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. கொத்தனாரைக் கேட்டால், உடைத்தது பிளம்பர் என்பார். பிளம்பரைக் கேட்டால், மூட வேண்டியது கொத்தனார் என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் அந்த ஓட்டையை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. கட்டடத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் இருக்கிறார். குழாய்க்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒன்றரை அங்குலத்துக்கு மட்டும் ஆள் இல்லை.

எண்பதுகளின் நடுவில், சிவில் டிப்ளமோ முடித்த கையோடு ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் கட்டுகிற வேலைக்கு சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். கிளியூர் போகிற சாலையில், சரிவை வெட்டி எழுப்பிய இரண்டு மாடிக் கட்டடம். முதலாளி சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். வாரம் ஒரு முறை காரில் மேலே வருவார், சுவரைத் தட்டிப் பார்ப்பார், மே மாதக் கூட்டத்துக்கு லாட்ஜ் திறந்தாக வேண்டும் என்பார், கீழே இறங்கிவிடுவார். நான் தினமும் சேலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருவேன். ஒரு பெண் கையில் மட்டக்கோலோடு நிற்பதை வேடிக்கை பார்க்க ஆரம்பத்தில் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. எனக்கும், அவர்களுக்கும்.

மேல்தளத்தில் நாலு குளியலறை. தளம் போடும்போதே குழாய் வருகிற இடத்தில் மரப்பெட்டி வைத்துவிட்டால், பிறகு உடைக்க வேண்டியதில்லை. நானும் நின்று பெட்டி வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். காங்கிரீட் போட்ட அன்று மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. ஆட்கள் விரட்டி விரட்டிக் கொட்டியதில் நாலு பெட்டியும் புதைந்து எங்கோ நகர்ந்துவிட்டன. மறுநாள் தேடினால் ஒன்றுகூடச் சரியான இடத்தில் இல்லை.

அப்புறமென்ன, பிளம்பர் வந்து உளி வைத்து உடைத்தார். நாகலூர்க்காரர் அவர். நாற்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வெள்ளைச் சட்டையோடு அப்படியே வேலை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார். வார்ப்பிரும்புக் குழாயின் மூட்டில் சணல் அடைத்து ஈயம் உருக்கி ஊற்றுவதில் மலையில் அவருக்கு நிகர் யாரும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஊற்றிய ஈயத்தை அவர் தட்டி இறுக்குகிற சத்தமே தனி. நாலங்குலக் குழாய்க்கு ஏழங்குல ஓட்டை. சுற்றிலும் ஒன்றரை அங்குல இடைவெளி.

அதை எப்படி மூட வேண்டும் என்று மேஸ்திரிக்கு நான் உட்கார்ந்து சொன்னேன். ஓட்டையின் விளிம்பைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். குழாயின் மேல் பூசியிருக்கும் தாரை அந்த இடத்தில் மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும், தார் மேல் சிமெண்ட் பிடிக்காது. கழுவி, சிமெண்ட் பால் தடவி, அடியில் பலகை கொடுத்துக் கம்பியால் கட்டி, பொடி ஜல்லிக் காங்கிரீட்டை இரண்டு தடவையாக இடித்து நிரப்ப வேண்டும். அதற்கு மேல் குழாயை ஒட்டி மூன்று விரல் உயரத்துக்குச் சட்டையின் காலர் மாதிரி ஒரு கழுத்துக் கட்ட வேண்டும். தண்ணீர் புகாத பூச்சு தளம் முழுக்க ஓடி, சுவரில் ஓரடி ஏறி, அந்தக் கழுத்தின் மேலும் ஏற வேண்டும்.

"ஆகட்டுங்க அம்மிணி. இதென்ன பெரிய வேலைங்களா?" என்றார் மேஸ்திரி. அவர் முதலாளியின் ஊர்க்காரர். ஐம்பது வயதுக்கு மேல். எதைச் சொன்னாலும் ஆகட்டுங்க என்பார். அவர் மறுத்துப் பேசியிருந்தால் நான் பக்கத்திலேயே நின்றிருப்பேன். ஆகட்டும் என்று சொல்லிவிட்டதால் தரைத் தண்ணீர் குழாய்க்குள் இறங்குகிற டிராப் வாங்க சேலத்துக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது நாலும் மூடியிருந்தது. மேலே கழுத்து வழவழவென்று, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அடியைப் பார்க்கவில்லை. கீழ் அறையில் மணல் மலையாகக் கிடந்தது, அதற்கு மேல் சென்டரிங் பலகைகள். யார் அதில் ஏறி அண்ணாந்து பார்ப்பது?

ஆனால் சோதனை செய்யாமல் விடுகிற ஆள் இல்லை நான். அதில் எனக்குப் பெருமை வேறு. பூச்சு காய்ந்து இறுகியதும் டிராப்பின் வாயைத் துணி சுற்றிய கட்டையால் அடைக்கச் சொன்னேன். குளியலறைத் தளம் மற்ற தரையைவிட ஓரடி தாழ்வாக இருந்ததால் தொட்டி மாதிரி தண்ணீர் நிற்கும். நாலங்குலம் நிரப்பி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். மூன்று நாள் நிற்க வேண்டும். மூன்று நாளும் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக மேலே ஓடுவேன். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. முதல் நாள் கோடு. இரண்டாம் நாள் கோடு. மூன்றாம் நாளும் கோடு, ஒரு நூல் இறங்கவில்லை. சைட் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: 'மூன்று நாள் தண்ணீர் நிறுத்தியதில் அளவு குறையவில்லை. தளம் சரி.'

அதன் மேல் செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, மொசைக் பதித்து, ஏப்ரல் கடைசியில் லாட்ஜ் திறந்தது. சரிவில் கீழே ஹோட்டலும் ஸ்டோர் ரூமும் கட்டுகிற வேலை பாக்கி இருந்ததால் நாங்கள் எல்லோரும் அங்கேயேதான் இருந்தோம்.

பத்து நாளில் கீழ் அறை ஒன்றின் கூரையில் தட்டு அளவுக்கு ஒரு கறை தெரிந்தது. "பனி ஈரமுங்க" என்றார் மேஸ்திரி. ஏற்காட்டில் எதற்கும் பனிதான் காரணம். கதவு உப்பினால் பனி, தீப்பெட்டி பற்றாவிட்டால் பனி, ஆள் வேலைக்கு வராவிட்டாலும் பனி. சித்திரை வெயிலில், ஒரே ஒரு குளியலறைக்கு நேர் கீழே மட்டும் வட்டமாக இறங்குகிற பனியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அடுத்த வாரம் கட்டிலில் படுத்திருந்த ஒரு புது மாப்பிள்ளையின் நெற்றியில் சொட்டியது. மேலே யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அறையைக் காலி செய்துகொண்டு போகிற போக்கில் ரிசப்ஷனில் நின்று கத்தியது டவுன் வரை கேட்டிருக்கும்.

முதலாளி வந்தார். எல்லோரையும் கூப்பிட்டார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. தண்ணீர் ஒழுகினால் குழாய்க்காரன்தான்.

"ஜாயிண்ட்ல இல்லீங்க. என்ற ஜாயிண்ட் ஒழுகாதுங்க. கழுத்துல எறங்குதுங்க" என்றார் பிளம்பர். "ஒரு பக்கெட் தண்ணிய நேரா டிராப் வாய்க்குள்ள ஊத்திப் பாக்கலாமுங்க. ஜாயிண்ட்ல கோளாறுன்னா அப்பவே சொட்டோணுமில்லீங்களா?"

சரியான பேச்சு. இரண்டு நிமிஷ வேலை. ஆனால் முதலாளி என் பக்கம் திரும்பி, "இன்ஜினியரம்மா, தளத்துல ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். நான் நோட்டை எடுத்து நீட்டினேன். மூன்று நாள், ஒரு நூல்கூடக் குறையவில்லை. தளம் சரி என்றால் குழாய்தான். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

பிளம்பர் அந்த நோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அப்ப செரிங்க" என்றார். ஈயம் உருக்குகிற கரண்டியையும் உளிகளையும் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஏற்காட்டில் அப்போது இருந்ததே நாலைந்து லாட்ஜ். ஒழுகுகிற ஜாயிண்ட் போட்டான் என்று ஒரு முதலாளி விரட்டினால் மற்ற முதலாளிகள் காதுக்குப் போக ஒரு பஸ் கீழே போய் வருகிற நேரம்கூட ஆகாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நோட்டை மூடிப் பையில் வைத்தேன்.

சேலத்திலிருந்து இன்னொரு பிளம்பரைக் கொண்டுவந்தார்கள். அவர் பழைய ஈயத்தைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். மறுநாள் சொட்டியது. இன்னொரு தடவை ஊற்றினார். சொட்டியது. அவரும், "பனியா இருக்குமோ?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அறையைப் பூட்டச் சொல்லிவிட்டு நானே ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

தரை நனையாமல் டிராப்பின் வாய்க்குள் மெதுவாக ஊற்றினேன். ஒன்று, இரண்டு, ஐந்து பக்கெட். கீழே ஓடி வந்து பார்த்தேன். காய்ந்திருந்தது. அரை மணி நேரம் நின்றேன். காய்ந்தே இருந்தது. திரும்ப மேலே போய் வாயை அடைத்துவிட்டுத் தரையில் நிற்கும்படி ஊற்றினேன். கீழே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் குழாயைச் சுற்றி ஈரம் கசிந்து, ஒரு சொட்டு உருண்டு, என் முழங்காலில் விழுந்தது.

நாகலூர்க்காரர் கேட்ட இரண்டு நிமிஷ வேலை அதுதான்.

மொசைக்கை உடைத்தோம். ஜல்லியை வாரினோம். அந்த அழகான கழுத்தில் உளி வைத்தவுடனே முழுசாகக் கழன்று கையோடு வந்தது. அதற்கு அடியில் ஒரு அங்குலத்துக்குச் சாந்து. அதற்கும் அடியில் சிமெண்ட் மூட்டையின் சணல் சாக்கு, சுருட்டித் திணித்தது, நாறிப்போய். பலகையும் இல்லை, கம்பியும் இல்லை, காங்கிரீட்டும் இல்லை. குழாயின் மேல் தார் அப்படியே பளபளத்தது.

"என்ன மேஸ்திரி இது?"

"அடியில பலகை குடுக்கறதுக்கு மணல் மேல ஏறோணுமுங்க அம்மிணி. அதான் நாலுலயும் சாக்க வெச்சு இறுக்கிப் போட்டோம். எல்லாப் பக்கமும் இப்படித்தானுங்க பண்றது."

எல்லாப் பக்கமும் இப்படித்தான். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இந்திய தேசத்திலிருந்து எடுத்துவிட்டால் பாதிக் கூரைகள் ஒழுகாது. ஆனால் மேஸ்திரியைத் திட்டி முடித்த பிறகும் ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. சாக்கு அடைத்த ஓட்டையின் மேல் மூன்று நாள் தண்ணீர் எப்படி அசையாமல் நின்றது?

எங்களிடம் தண்ணீர் ஊற்றுவதற்கென்றே ஒரு அக்கா இருந்தார். கிளியூரிலிருந்து நடந்து வருவார். காங்கிரீட்டோ பூச்சோ போட்டால் ஏழு நாள், பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார். வற்ற வற்ற ஊற்றுவார். அந்த மலையில் அவரைப் போல அந்த வேலையை ஒழுங்காகச் செய்த ஆளை நான் பார்த்ததில்லை. மொசைக் உடைத்துக் கிடந்த அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, அவராகவே சொன்னார்:

"ஏனுங்க அம்மிணி, இதுக்கு நான் நொம்பப் பாடுபட்டனே. நீங்க கோடு போட்டுட்டுப் போனீங்கல்ல, அந்தக் கோட்டுக்கு ஒரு பொழுதுகூட வத்த விடலீங்க. வெடியக்காலைல நீங்க வாரதுக்கு முந்தி பாத்தா ரெண்டு விரக்கடை எறங்கியிருக்கும். போர்ல தண்ணி இல்லாம கீழ கெணத்துல இருந்து சொமந்துட்டு வந்து ஊத்துனனுங்க."

ஒவ்வொரு நாளும் இரண்டு விரல் இறங்கிய தண்ணீர். அதை நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே குடம் குடமாகச் சுமந்து நிரப்பியிருக்கிறார். கீழே மணல் அத்தனையையும் சத்தமில்லாமல் குடித்திருக்கிறது. நான் ஒவ்வொரு காலையும் வந்து பார்த்துப் பூரித்திருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் நிற்கிற தண்ணீர் எல்லாம் அவர் பொறுப்பு. இந்தத் தண்ணீர் வேறு, இது வற்றுகிறதா என்று பார்ப்பதற்காக நிற்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான்தான். ஓட்டை இல்லாத தளமாகவே இருந்தாலும் பங்குனி வெயிலில் மூன்று நாளில் கொஞ்சமாவது ஆவியாகிக் குறைந்திருக்க வேண்டும். ஒரு நூல்கூடக் குறையாத தண்ணீரைப் பார்த்துச் சந்தேகப்படாமல் கையெழுத்துப் போட்டவளுக்கு டிப்ளமோ ஒரு கேடா?

ஞாயிற்றுக்கிழமை நாகலூருக்குப் பஸ் ஏறினேன். பிளம்பர் வீட்டு வாசலில் நின்று, தப்பு ஜாயிண்டில் இல்லை என்று சொன்னேன். சாக்கு, குடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். அந்த ஒரு மாதத்தில் பிளம்பருக்கு ஒரு லாட்ஜிலிருந்தும் அழைப்பு வரவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

"வாரனுங்க" என்றார் பிளம்பர். "ரெண்டு விசயமுங்க. ஓட்டைய நானே மூடறேன், மேஸ்திரி கை வெக்கக் கூடாது. அப்பறம், எந்த எடத்துல எம்மேல தப்புன்னு சொன்னீங்களோ, அதே எடத்துல, முதலாளி முன்னால, இல்லீன்னு சொல்லிப் போடுங்க."

சம்மதித்தேன்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இந்தத் தடவை சேலத்துக்குப் போகவில்லை. தாரைச் சுரண்டிக் குழாயின் இரும்பு தெரியும் வரை தேய்த்தார். அடியில் பலகையை இரண்டு துண்டாக அறுத்துக் குழாயைக் கவ்வும்படி கொடுத்துக் கட்டினார். பாதி நிரப்பி, மறுநாள் மீதி. கழுத்து முன்னதைப் போல வழவழப்பாக இல்லை, ஆனால் வெளிப்பக்கமாகச் சரிந்து இருந்தது. டிராப்புக்கு மேல் வருகிற குழாய்த் துண்டில், பூச்சு மட்டத்துக்கு ஒட்டினாற்போல் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, அடைத்துக்கொள்ளாமல் இருக்கச் சின்னக் கல்லாகப் பொறுக்கிச் சுற்றிலும் அடுக்கினார். மொசைக் இடுக்கில் கீழே இறங்குகிற தண்ணீருக்கும் ஒரு வழி வேண்டுமில்லையா, இல்லாவிட்டால் ஜல்லிக்குள்ளேயே தேங்கிக் கிடக்கும் என்றார். டிராப்பை மூடுகிற சல்லடைத் தட்டான ஜாலியின் வாய் தரையைவிட அரை விரல் தாழ இருக்கும்படி நூல் கட்டிக் காட்டினார். எனக்குப் பாலிடெக்னிக்கில் அந்த ஓட்டைகளை யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த ஓட்டை போட்ட துண்டைப் பொருத்திக் கற்களை அடுக்குவதற்கு முன்னாலேயே மறுபடி தண்ணீர் நிறுத்தினோம். இந்த முறை அறையைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் கோட்டுக்கு அரை விரல் கீழே இருந்தது. கீழே ஓடி, நாற்காலி மேல் ஏறிக் குழாயைச் சுற்றிக் கூரையைத் தடவினேன். சிமெண்ட் பொடி கையில் ஒட்டியது. உலர்ந்த பொடி. வெயில் குடித்தது போக மீதி அங்கேயே நின்றது.

முதலாளி வந்தார். மேஸ்திரி, பிளம்பர், தண்ணீர் ஊற்றும் அக்கா, எல்லோரும் அந்த அறையிலேயே நின்றார்கள். நான் சொன்னேன். ஜாயிண்டில் தப்பில்லை. ஓட்டையைச் சரியாக மூடவில்லை. நான் வைத்த சோதனையும் செல்லாது, ஏனென்றால் தினமும் தண்ணீர் நிரப்பப்பட்டிருக்கிறது, அதைக் கவனிக்காதது என் தப்பு. திக்காமல் சொல்லி முடித்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். ஊர்க்காரர். என்னைப் பார்த்தார். படித்த பெண். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"உன்னை யாரு ஊத்தச் சொன்னது? நாளைக்கிருந்து வர வேண்டாம், போ."

அக்காவுக்கு என்ன நடந்ததென்றே புரியவில்லை. இடுப்பில் குடத்தோடு நின்றார். எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தது. ஐயா என்று தொடங்குவதா, கோபப்படாமல் எப்படிச் சொல்வது, என் வேலைக்கும் சேர்த்து ஆபத்து வருமா என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் பிளம்பர் குனிந்து உளிகளைச் சாக்குப்பையில் போட ஆரம்பித்தார்.

"அந்தக்கா போனா நானும் போறனுங்க. இன்னும் மூணு பாத்ரூம் உடைக்கோணும். வேற ஆள வெச்சுப் பாத்துக்குங்க."

அப்போதுதான் என் குரல் வெளியே வந்தது. "அவங்க வேலையை அவங்க சரியாத்தான் செஞ்சாங்க ஐயா" என்றேன். தேவையான நேரம் முடிந்த பிறகு வந்த குரல் அது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். முதலாளி கையை உதறிக்கொண்டு காருக்குப் போனார். யாரும் வேலையை விட்டுப் போகவில்லை.

அடுத்த வாரம் இரண்டாவது குளியலறையில் கழுத்துப் பூச்சு முடிந்த அன்று அக்கா நிறைகுடத்தோடு வந்து வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டார். எப்போதும் நேரே உள்ளே வருகிறவர்.

"அம்மிணி, இதுக்குத் தண்ணி ஊத்தலாமுங்களா, கூடாதுங்களா? மொதல்லயே சொல்லிப் போடுங்க" என்றார்.